பொங்கல் பொதி 55 பவுண்: லண்டனில் கட்டும் காசுக்கு வன்னியில் என்ன வந்து சேர்கிறது?

மார்கழி பிறந்ததும் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சூரிச் என எங்கு தமிழர் வாழ்ந்தாலும் அவர்களின் தொலைபேசித் திரையில் ஒரே மாதிரியான விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பானை, கரும்பு, கோலம், அருகில் சிரித்தபடி நிற்கும் ஒரு வயதான தாய். கீழே 'தாயகத்தில் உள்ள உங்கள் உறவுகளுக்கு இந்தப் பொங்கலில் ஒரு பரிசு' என்ற வாசகம். விலை பவுணிலோ யூரோவிலோ கனடிய டொலரிலோ இருக்கும். பழைய விலையைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புதிய விலையைப் போட்டிருப்பார்கள். 'வடக்கு கிழக்கு எங்கும் இலவச விநியோகம்' என்ற வரியும் தவறாது.

இந்தப் பொதிகளை அனுப்புகிறவர்கள் ஏமாளிகள் அல்லர். விற்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களும் அல்லர். ஆனால் இந்த வியாபாரத்துக்கு மற்ற வியாபாரங்களில் இல்லாத ஓர் அமைப்பு இருக்கிறது. காசு கட்டுகிறவர் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைப் பெறுகிறவர் விலையைப் பார்ப்பதில்லை. கடைக்குப் போய் அரிசி வாங்கும்போது விலையையும் பொருளையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்கிறார். இங்கே அந்த இரண்டும் ஐயாயிரம் மைல் இடைவெளியில் இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. இந்த விளம்பரங்களில் பிழைக்கிற விடயங்கள் அநேகமாக அந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

காசாக அனுப்பினால் போதாதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அதற்குச் சரியான பதில் 'போதாது' என்பதாகவும் இருக்கலாம்.

வன்னியில் தனித்திருக்கும் ஒரு தாய்க்கு வங்கிக் கணக்கில் இருபதாயிரம் ரூபாய் விழுந்தால் அது பொங்கலுக்குப் போவது அரிது. நுண்நிதிக் கடனின் வாராந்தத் தவணை இருக்கும். கடையில் கொப்பிக் கணக்கு இருக்கும். பேரப்பிள்ளையின் ரியூசன் காசு இருக்கும். தனக்கென்று ஒரு சேலை வாங்க அந்தத் தாய்க்கு மனம் வராது. பிள்ளைகள் பொருளாக அனுப்ப விரும்புவதற்குக் காரணம் இது. பொருளாகப் போனால் அது அவருக்கே போய்ச் சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம் பழையது. 1990 முதல் 2002 வரை ஏ9 வீதி மூடிக் கிடந்தது. பற்றரி, பெற்றோல், சீமெந்து எல்லாம் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமான் வந்து சேர வேண்டுமென்றால் கொழும்புக்கு வந்துபோகும் யாரோ ஒருவரின் கையில்தான் வர வேண்டும். 2002 ஏப்ரலில் பாதை திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மறுபடியும் மூடப்பட்டது. அந்தக் காலத்தைக் கடந்த பெற்றோருக்கு வாசலில் ஒரு பெட்டி வந்து நிற்பது வெறும் சாமான் அல்ல. பிள்ளை நினைத்திருக்கிறது என்பதற்கு அது கண்முன்னே நிற்கும் சாட்சி. விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்கள் விற்பது அரிசியை அல்ல, இந்த உணர்வை. ஆகவே அரிசியின் கணக்கை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பொதியைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படியான விளம்பரங்களின் வழமையான வடிவில் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'பொங்கல் சிறப்புப் பொதி. 69 பவுண் பெறுமதியானது, இப்போது 20 வீதக் கழிவுடன் 55 பவுண். விநியோகம் இலவசம்.' மகன் லண்டனில் இருக்கிறார், தாய் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். கணக்கு இலகுவாக இருப்பதற்காக ஒரு பவுண் 400 ரூபாய் என வைப்போம். கீழே வரும் விலைகளும் கணக்குக்காக எடுத்தவைதான். உங்கள் ஊர்க் கடையில் அன்றைய விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பச்சையரிசி இரண்டு கிலோ 500 ரூபாய். வறுத்த பயறு அரைக் கிலோ 500. சர்க்கரை ஒரு கிலோ 600. கஜு 100 கிராம் 600. முந்திரிகை வத்தல் 100 கிராம் 250. ஏலக்காய் 10 கிராம் 150. தேங்காய் இரண்டு 400. பானை 600. கரும்பு 300. இதுவரை 3,900 ரூபாய். ஒரு சேலை 3,500, ஒரு வேட்டி 1,600. எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்.

மகன் கட்டியது 55 பவுண், அதாவது 22,000 ரூபாய். மிச்சம் 13,000 ரூபாய் எங்கே போகிறது? முழுவதும் இலாபம் என்று சொல்வது நியாயமில்லை. பெட்டிக்கும் பொதியிடவும் 500 ரூபாய் வரும். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்புக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க 1,000 ரூபாய் என வைக்கலாம். வங்கி அட்டையில் காசு வாங்கும்போது அட்டை நிறுவனம் ஒரு பங்கை எடுக்கும், அதற்கு 800 ரூபாய். இந்தச் செலவுகள் 2,300 ரூபாய். அப்படியானால் 10,700 ரூபாய் மிஞ்சுகிறது. முகநூல் விளம்பரத்துக்கான செலவு, வேலையாட்களின் சம்பளம், பழுதாகும் சாமான், ஊரிலுள்ள முகவரின் பங்கு, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் இதற்குள்தான் வரும்.

ஆகவே 'இலவச விநியோகம்' என்பது இலவசம் அல்ல, விலைக்குள் ஏற்கனவே சேர்க்கப்பட்டது. 20 வீதக் கழிவும் அப்படியே. பொதி எப்போதாவது 69 பவுணுக்கு விற்கப்பட்டிருந்தால் மட்டுமே அது கழிவு. தீபாவளிக்கு வந்த விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். அப்போதும் அதே அளவுப் பொதி 'கழிவுடன்' 55 பவுண் என்றால், 69 என்பது கோடு போட்டு வெட்டுவதற்காகவே எழுதிய எண்.

இதே 55 பவுணைக் காசாக அனுப்பினால் என்ன ஆகும்? அனுப்பும் கட்டணம் 2 பவுண் போக 53 பவுண். அனுப்பும் நிறுவனம் சற்றுக் குறைந்த வீதம் தரும், 396 என வைப்போம். தாயின் கணக்கில் ஏறக்குறைய 21,000 ரூபாய் விழும். அதே சாமான்களை அவரே வாங்கினால் கையில் 12,000 ரூபாய் மிஞ்சும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. ஊரில் நம்பிக்கையான கடைக்காரரிடமோ உறவினரிடமோ சாமான் பட்டியலைக் கொடுத்து, காசை அவர் கணக்குக்கு அனுப்பி, பொருளாகவே வீட்டில் இறக்கச் சொல்வது. ஓட்டோக் கூலி 500 சேர்த்து 9,500 ரூபாய், அனுப்பும் கட்டணத்தோடு ஏறக்குறைய 26 பவுண். பரிசு பொருளாகவே போகிறது, செலவு பாதிக்கும் குறைவு. ஆனால் இதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். போரில் குடும்பமே சிதறிப்போனவர்களுக்கு, அயலவரைக் கூடத் தெரியாத மீள்குடியேற்றக் கிராமத்தில் பெற்றோர் இருப்பவர்களுக்கு, அந்த ஆள் இல்லை. அவர்கள் கொடுக்கும் மேலதிகக் காசு அந்த ஆளுக்கான கூலி. அது தெரிந்து கொடுத்தால் பிழையில்லை.

ஓடர் கொடுத்த பின் நடப்பது

அநேகமான இணையத்தளங்களுக்கு வன்னியில் களஞ்சியம் எதுவும் கிடையாது. ஓடர் லண்டனிலோ கொழும்பிலோ பதிவாகும். பிறகு அது யாழ்ப்பாணத்தில், கிளிநொச்சியில் அல்லது வவுனியாவில் இருக்கும் ஒரு முகவருக்குப் போகும். அவர் ஒரு பொதிக்கு இவ்வளவு என்று பேசிய தொகைக்குச் சாமானை வாங்கி, பொதியிட்டு, ஆள் பிடித்து அனுப்புவார். தேங்காய் விலை ஏறினாலும் அவருடைய தொகை ஏறாது. எதையாவது குறைத்துத்தான் அவர் கணக்கைச் சரிக்கட்ட முடியும்.

குறைகிற இடங்களும் வழமையானவை. கிலோ எழுதாத சாமான் முதலில் குறையும். 'கஜு ஒரு பைக்கற்' என்று இருந்தால் அது 100 கிராமாகவும் வரலாம், 25 கிராமாகவும் வரலாம். அடுத்து மாற்றீடு. பெரும்பாலான தளங்களின் விதிமுறைகளில் 'கையிருப்பில் இல்லாத பொருளுக்குப் பதிலாக அதற்கு ஒத்த பொருள் அனுப்பப்படும்', 'படம் விளக்கத்துக்காக மட்டும்' என இரண்டு வரிகள் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பச்சையரிசிக்கு 'ஒத்த பொருள்' புழுங்கல் அரிசி என்று கொழும்பில் பொதியிடும் ஒருவர் நினைத்தால், அந்தப் பொதியில் பொங்க முடியாது. சர்க்கரைக்குப் பதில் வெள்ளைச் சீனி வருவதும் இப்படித்தான். சித்திரைப் புதுவருடத்துக்குக் கட்டிய கொண்டைப் பலகாரப் பொதியின் பெயரை மட்டும் மாற்றித் தீபாவளிக்கு விற்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பொதியின் பெயரைப் பார்க்க வேண்டாம், உள்ளே என்ன என்ற பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது, நாள். பொங்கல் ஜனவரி 14 அல்லது 15 இல் வரும். பானையும் கரும்பும் முதல் நாள் மாலைக்குள் வராவிட்டால் அதன் பிறகு வருவதில் பயனில்லை. 'பொங்கலுக்கு முன் விநியோகம்' என்று விளம்பரம் சொல்லும், விதிமுறைகளில் 'உத்தேசத் திகதி' என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. விளம்பரத்தில் 'வடக்கு கிழக்கு எங்கும்' என்றிருந்தாலும், ஓடர் படிவத்தில் ஊர்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை நகரங்கள் இருக்கும். துணுக்காய், ஒட்டுசுட்டான், வாகரை இருக்கின்றனவா? நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து படகு ஏற்ற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. தை மாதத் தொடக்கத்தில் வடகீழ்ப் பருவக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. அப்படியான இடங்களுக்கு ஒரு வாரம் முந்தியே பொதி கிடைக்கும்படி கேட்க வேண்டும். அதற்குப் பழுதாகாத சாமான் மட்டும் உள்ள பொதியைத் தெரிவு செய்ய வேண்டும்.

நான்காவது, வீடு. மீள்குடியேற்றக் கிராமங்களில் வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கைகள் பல. பொதி கொண்டுவருகிறவர் தொலைபேசியில் கேட்டுத்தான் வருவார். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காத தாய்மார் இருக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு நல்ல காரணமும் உண்டு. இரண்டு முறை அழைத்து எடுக்காவிட்டால் பொதி திரும்பிப் போய்விடும். எனவே படிவத்தில் அயலவர் ஒருவரின் இலக்கத்தையும், பாடசாலை, கோயில், சந்தி என ஓர் அடையாளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இன்ன நாளில் ஒருவர் அழைப்பார் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

அந்தப் படம் யாருக்கு?

பொதியைக் கையில் கொடுத்ததும் கொண்டுவந்தவர் ஒரு படம் எடுப்பார். அனுப்பிய பிள்ளைக்கு அது ஆதாரம். அம்மாவின் முகத்தைப் பார்க்கும் சந்தோசமும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே படம் அடுத்த வாரம் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் அடுத்த விளம்பரமாக வருவது வேறு விடயம். வீட்டின் ஓலையும் தகரமும், சுவரில் மாலை போட்டிருக்கும் படமும், அம்மா தனியாக இருக்கிறார் என்பதும், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறது என்பதும் அந்த ஒரு படத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உதவிப் பொருளை நீட்டியபடி படம் பிடிக்கப்பட்ட அனுபவம் 2009க்குப் பிறகு முகாம்களில் இருந்த எல்லோருக்கும் உண்டு. பிள்ளை காசு கொடுத்து வாங்கிய பரிசுக்கும் அப்படி நிற்க வேண்டிய தேவை இல்லை. ஓடர் கொடுக்கும்போதே குறிப்புப் பகுதியில் எழுதலாம்: படம் எனக்கு மட்டும் அனுப்பவும், பிரசுரிக்க அனுமதி இல்லை. முகம் இல்லாமல், திறந்த பெட்டியும் சாமானும் மட்டும் தெரியும் படம் கேட்பது இன்னும் நல்லது. பிறகு முறைப்பாடு செய்ய நேர்ந்தால் உதவப்போவதும் அந்தப் படம்தான்.

இதோடு ஓர் எச்சரிக்கை. 'உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது, சுங்க வரி கட்டினால் எடுக்கலாம்' என்று அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் காசு கட்ட வேண்டாம் என வீட்டில் சொல்லி வையுங்கள். இணையத்தில் வாங்கும் இந்தப் பரிசுப் பொதிகளின் சாமான் இலங்கைக் கடைகளிலேயே வாங்கப்படுவது. அது எந்தத் துறைமுகத்தையும் தாண்டி வருவதில்லை, அதனால் சுங்க வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. உண்மையிலேயே லண்டனிலிருந்து கப்பலில் பெட்டி போட்டிருந்தால் அது வேறு. அப்போதும் வரியைப் பற்றிப் பெட்டி போட்ட பிள்ளையிடம் கேட்டபிறகே எதையும் செய்ய வேண்டும்.

காசு கட்டுவதற்கு முன்

விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை ஐந்து. ஒவ்வொரு சாமானின் நிறை என்ன? மாற்றீடு செய்வதானால் முன்கூட்டியே கேட்பீர்களா? குறித்த ஊருக்கு, குறித்த நாளில் கொடுப்பது உறுதியா, பிந்தினால் காசு திரும்ப வருமா? நிறுவனம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது, அதன் முகவரி என்ன? படத்தை என்ன செய்வீர்கள்? வட்ஸ்அப்பில் வரும் பதிலையும் விளம்பரத்தின் படத்தையும் சேமித்து வையுங்கள். பண்டிகை முடிந்ததும் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள்.

காசு கட்டும் வழி முக்கியம். தனிப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கு நேரே போட்டால், பொதி வராவிட்டாலும் காசை மீட்பது மிகக் கடினம். அட்டையில் கட்டினால் வங்கியிடம் மீளளிப்புக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் உங்கள் வங்கியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, கடனட்டையில் வாங்கிய பொருளுக்கு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அது 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கே பொருந்தும். 55 பவுண் பொதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, சாதாரண மீளளிப்புக் கோரிக்கை மட்டுமே உண்டு.

இன்னொரு கேள்வியை விற்பனையாளரிடம் கேட்க முடியாது, வீட்டில்தான் கேட்க வேண்டும். இந்த வருடம் அங்கே பொங்குகிறார்களா? வருடத்துக்குள் ஓர் இழவு நடந்த வீட்டில் பொங்க மாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் சில தாய்மார் பல வருடங்களாகவே பண்டிகைகளை விட்டுவிட்டார்கள். அப்படியான வாசலில் பானையும் கரும்பும் போய் இறங்குவது பரிசு அல்ல. ஒரு சேலையோ மாதச் சாமானோ அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும். சைவமாக இருக்கும் வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக் போகாமல் பார்ப்பதும் இந்த ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும்.

பிழையாக வந்துவிட்டால்

பொதி வந்த அன்றே திறக்கச் சொல்லுங்கள். 'பண்டிகை அன்று திறப்போம்' என்று வைத்தால் முறைப்பாட்டுக்கான நேரம் போய்விடும். பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பைக்கற்றுகளில் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும். மூடி வீங்கிய பால்மா ரின்னையும், வண்டு விழுந்த பயறையும் எறிவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். கையெழுத்து வாங்குவதானால், சாமான் குறைவு என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வைக்கலாம்.

அடுத்தது, விற்பனையாளருக்கு ஓடர் இலக்கத்தோடு எழுத்தில் அறிவிப்பது. பதில் வராவிட்டால் காசு கட்டியவர் தன் வங்கியிடம் போக வேண்டும். பொருள் இலங்கையில் வாங்கிக் கொடுக்கப்பட்டது என்பதால், அதைப் பெற்றவர் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கும் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்த அதிகாரசபையின் அவசர இலக்கம் 1977. மாவட்டச் செயலகங்களிலும் அதன் அலுவலகங்கள் உள்ளன. காலாவதியான, பழுதான உணவு என்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பொதியோடு காட்டலாம். நிறுவனம் இலங்கையில் பதிவே இல்லாதது என்றால் இங்குள்ள அதிகாரிகளால் செய்யக்கூடியது குறைவு. முகவரியை முன்கூட்டியே கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

குறைந்து வந்த பொதியைப் பற்றி அம்மா பெரும்பாலும் பிள்ளையிடம் சொல்ல மாட்டார். 'எல்லாம் வந்தது, சந்தோசம்' என்றுதான் சொல்வார். பிள்ளை கஷ்டப்பட்டு அனுப்பியது என்று நினைத்து, குறை சொன்னால் மனம் நோகும் என்று விட்டுவிடுவார். இந்த மௌனத்தால் அதே முகவர் அடுத்த பண்டிகைக்கும் அதே பொதியைக் கட்டுகிறார். எனவே 'பார்சல் வந்ததா அம்மா?' என்று கேட்காதீர்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'சர்க்கரை எத்தனை கிலோ போட்டிருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கோ' என்று கேளுங்கள்.